நாற்பது சதவீதம் எதில் குறைந்தது?

திருவண்ணாமலையில் டிப்ளமோவோ பி.இ. மெக்கானிக்கலோ முடித்தவர்கள் வேலைக்குப் போகும் திசைகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். மாவட்டத்துக்குள்ளேயே செய்யாறு சிப்காட் இருக்கிறது. அங்கே காலணி ஆலையும் உண்டு, அலுமினிய டை காஸ்டிங் ஆலையும் உண்டு. அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர். அங்கே தரப் பிரிவில் நான்கைந்து வருடம் வேலை பார்த்தவர் அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால், நண்பர், சீனியர், வேலைவாய்ப்பு ஆலோசகர் என்று யாரைக் கேட்டாலும் வருவது ஒரே அறிவுரை. எதை எழுதினாலும் எண்ணோடு எழுது. 'ரிஜெக்‌ஷனை 40% குறைத்தேன்', 'கஸ்டமர் புகாரைப் பூஜ்ஜியமாக்கினேன்', 'ஐ.எஸ்.ஓ. ஆடிட்டை ஒரு என்.சி. கூட இல்லாமல் முடித்தேன்', 'பன்னிரண்டு கைசன் திட்டங்கள் செய்தேன்'. எண் இல்லாத வரி வீண் வரி என்பது இன்றைக்கு ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. விற்பனைத் துறைக்கு இந்த அறிவுரை பொருந்தலாம். தர இன்ஜினியரின் ரெஸ்யூமேவுக்குப் பொருந்தாது என்பதே என் கட்சி. தரத்தை ஒரு நூல்கூட மாற்றாமல் மிக எளிதாக மாற்றிவிடக்கூடிய பொருள் ஒன்று அந்தத் துறையில் உண்டென்றால், அது அந்த எண்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்தக் குறிப்பிட்ட ஆலையின் கணக்கும் அல்ல இது. ஆனால் டை காஸ்டிங் தெரிந்தவர்கள் இதில் புதிதாக எதையும் காணமாட்டார்கள். மாதம் 20,000 அலுமினிய ஹவுசிங் வார்க்கும் ஒரு லைன். வார்த்து, மெஷினிங் முடித்து, ஒவ்வொன்றையும் லீக் டெஸ்ட் செய்கிறார்கள். உள்ளே காற்றை அடைத்து, சில விநாடிகளில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை. 4% கசிகிறது, அதாவது மாதம் 800 காஸ்டிங் ஸ்கிராப். மூன்று மாதம் கழித்து அது 1.5%, அதாவது 300. இப்போது அந்த லைனில் இருந்த இன்ஜினியரின் ரெஸ்யூமேவில் 'லீக் ரிஜெக்‌ஷனை 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்தேன்' என்று ஒரு வரி. பொய் இல்லை. எண்ணும் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார்? ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை.

ஏனென்றால் அந்த 500 காஸ்டிங்கைக் காப்பாற்ற ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகள் பல உண்டு. முதல் வழி இம்ப்ரெக்னேஷன். கசியும் காஸ்டிங்கை வெற்றிடத் தொட்டியில் போட்டு, நுண்துளைகளுக்குள் பிசினை ஏற்றி, சூடாக்கி இறுகச் செய்வது. ஒப்புதல் பெற்றுச் செய்தால் இதில் தவறில்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அச்சிலிருந்து வெளிவரும் கசியும் காஸ்டிங் இன்னமும் மாதம் 800தான். அதில் 500 பிசின் தொட்டிக்குப் போய்த் திரும்பி 'ஓகே' கணக்கில் சேர்ந்தது, அவ்வளவே. ரிஜெக்‌ஷன் குறைந்தது, செலவு இன்னொரு தலைப்புக்கு மாறியது. இரண்டாவது வழி இன்னும் மலிவு. வாஷிங்கிலிருந்து சூடாக வரும் காஸ்டிங்கை ஆறவிடாமல் சோதனைக்குப் போட்டால், உள்ளே அடைத்த காற்று சூடேறி அழுத்தம் ஏறப் பார்க்கும். சின்னக் கசிவு அதற்குள் மறைந்துவிடக்கூடும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே, லைன் வேகத்தைக் கூட்டியதன் பக்கவிளைவாக இது நடக்கலாம். மூன்றாவது வழி, அந்த மூன்று மாதத்தில் கசியாத எளிய மாடலுக்கு ஆர்டர் கூடியது; சராசரி தானாக இறங்கியது. நான்காவது வழிதான் உண்மையில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. நான்குக்கும் ரெஸ்யூமேவில் வரும் வரி ஒன்றே.

அந்த நான்காவது வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ரெஸ்யூமேவில் இடம்பெறாமல் போவது அதுதான். கசிந்த காஸ்டிங்கில் நாற்பதை எடுத்து, குமிழ் வரும் இடத்தில் அறுத்துப் பார்க்கிறார் என்று வையுங்கள். துளையின் உட்சுவர் வழுவழுப்பாக, உருண்டையாக இருந்தால் அது காற்றோ, அச்சில் தெளிக்கும் லூப்ரிகன்டின் ஆவியோ சிக்கிக்கொண்ட துளை. சுவர் சொரசொரப்பாக, கிளைவிட்டுக் கோணல்மாணலாக இருந்தால் உலோகம் உறையும்போது சுருங்கியதால் வந்த துளை. இரண்டையும் தொழிற்சாலையில் 'போரோசிட்டி' என்ற ஒரே பெயரில்தான் எழுதுவார்கள்; மருந்து மட்டும் வேறு. சுருக்கத்துக்கு, நிரம்பிய பின் கொடுக்கும் அழுத்தத்தையும் அச்சின் குளிர்விப்பையும் பார்க்க வேண்டும். காற்றுக்கு, அது வெளியேறும் பாதையையும், பிளஞ்சர் மெதுவான ஓட்டத்திலிருந்து வேக ஓட்டத்துக்கு மாறும் இடத்தையும், தெளிக்கும் லூப்ரிகன்டின் அளவையும் பார்க்க வேண்டும். அறுத்துப் பார்க்காமல் அழுத்தத்தைக் கூட்டியவருக்கு ஃபிளாஷ் கூடும், அச்சின் ஆயுள் குறையும். கசிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நம் கணக்கில் நாற்பதில் 31 வழுவழுப்பான துளை என்று வந்தது. அவை உலோகம் கடைசியாக நிரம்பும் மூலையில் கூடியிருந்தன. ஷிஃப்ட்டின் முதல் பாதியில் வார்த்தவற்றைவிட இரண்டாம் பாதியில் வார்த்தவற்றில் கசிவு மூன்று மடங்கு. ஆக, நேரம் ஆக ஆக அச்சில் எதுவோ மோசமாகிறது. சில் வென்ட் எனப்படும் காற்றுப்போக்கியைக் கழற்றினால், அலுமினியத் துகளும் லூப்ரிகன்ட் கசடும் சேர்ந்து பாதி அடைத்திருந்தது. ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை செய்த சுத்தத்தை ஷாட் எண்ணிக்கைக்கு மாற்றினார்கள்; கசிவு இறங்கியது.

இங்கே நிறுத்தியிருந்தாலும் பாதி வேலைதான். இறங்கியது அந்தச் சுத்தத்தால்தானா? அதே வாரம் புது உலோகம் வந்திருக்கலாம், அச்சு பராமரிப்புக்குப் போய்வந்திருக்கலாம். ஆகவே ஒரு ஷிஃப்ட் மட்டும் பழைய இடைவெளிக்குத் திரும்பி, அந்தக் காஸ்டிங்குகளைத் தனியே நிறுத்திவைத்துச் சோதிக்கிறார். கசிவு திரும்பி வருகிறது. மறுபடி புது இடைவெளி, மறுபடி இறங்குகிறது. கோளாறை வேண்டுமென்றே வரவழைக்கவும் போகவைக்கவும் முடிந்தால்தான் காரணம் கைக்கு வந்தது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு கன்ட்ரோல் பிளானில் அந்த இடைவெளி ஏறியதா, அதே வகை வென்ட் உள்ள மற்ற அச்சுகளைப் பார்த்தார்களா, இரவு ஷிஃப்ட்டில் அவசரத்தில் சுத்தம் தவறினால் மெஷினே நிற்கும்படி ஏற்பாடு உண்டா என்று மூன்று கேள்விகள். இவ்வளவையும் செய்த ஒருவர், பிசின் தொட்டியை வாங்கிப்போட்டவர் எழுதும் அதே வரியை எழுதிவிட்டு, அவரோடு சரிக்குச் சமமாக வரிசையில் நிற்கிறார். எண்ணை எழுது என்ற அறிவுரை அவருக்குச் செய்த உபகாரம் இது.

'அது சரி, எண்ணே இல்லாமல் எழுதச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இல்லை. எண்ணுக்கு அடியில் இருப்பதையும் எழுதச் சொல்கிறேன். எத்தனை காஸ்டிங்கில், எந்தச் சோதனையில், எத்தனை மாதத்தில், ரீவொர்க் சேர்த்தா சேர்க்காமலா என்பது இல்லாத சதவீதம் வெறும் அலங்காரம். பூஜ்ஜியத்துக்கும் இது பொருந்தும். பூஜ்ஜியம் இருப்பதிலேயே ஏமாற்றும் எண். வருடத்துக்கு 3,000 பீஸ் அனுப்பும் ஒரு சப்ளையர், ஒன்றுகூடத் திரும்பவில்லை, பூஜ்ஜியம் பி.பி.எம். என்று எழுதுகிறார். பி.பி.எம். என்பது பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்ற கணக்கு. புள்ளியியலில் இதற்கு ஒரு சின்ன விதி உண்டு: பழுதே காணாதபோது, 3ஐப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்தால், உண்மையான பழுது விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 3,000 பீஸுக்கு அது ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1,000 பி.பி.எம். ஆக அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பின்னால் பூஜ்ஜியமும் இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம். பத்து லட்சம் பீஸ் அனுப்பி இருபது திரும்பிய இன்னொருவர் 20 பி.பி.எம். என்று எழுதினால் பார்வைக்கு அவர்தான் தாழ்வு. தரம் தெரிந்தவர் இவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

காலணி ஆலை என்றால் சிக்கல் இன்னொரு விதம். ஒட்டு எவ்வளவு உறுதி என்பதை மேல்பகுதியையும் சோலையும் இழுத்துப் பிரித்து அளக்கலாம். ஆனால் பசைக் கறை, தையல் கோணல், நிற வேறுபாடு போன்றவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஒரே இருபது ஜோடியை இரண்டு இன்ஸ்பெக்டரிடம் தனித்தனியே கொடுத்தால் இருவரும் ஒரே ஜோடிகளைக் கழிப்பார்களா என்று பார்க்காதவரை, அங்கே 'டிஃபெக்ட் ரேட்' என்பது ஜோடியின் குணமா இன்ஸ்பெக்டரின் குணமா என்று சொல்ல முடியாது. அந்த ஒப்பீட்டைச் செய்து, எல்லைச் சாம்பிள்களை மேசையில் வைத்து, இருவர் தீர்ப்பையும் நெருங்கச் செய்த இன்ஜினியருக்கு முதல் மாதம் ரிஜெக்‌ஷன் கூடத்தான் கூடும். முன்பு தப்பியது இப்போது மாட்டுகிறது. இன்றைய ரெஸ்யூமே அறிவுரைப்படி அவர் இதை மறைக்க வேண்டும். எனக்கோ, அந்த ஆளின் ஆகச் சிறந்த வேலை அதுவாகவே படுகிறது.

அடுத்து ஆடிட். 'என்.சி. பூஜ்ஜியம்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் மூன்று ஆண்டுக்கு. இடையில் ஆண்டுக்கொருமுறை கண்காணிப்பு ஆடிட். வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் சில நாட்கள் இருப்பார், சில பதிவேடுகளை எடுப்பார், சிலரிடம் பேசுவார். அது சாம்பிள் பார்ப்பதுதான். ஆடிட்டர்களே அறிக்கையில் அப்படித்தான் எழுதுவார்கள். சாம்பிளில் ஒன்றும் சிக்கவில்லை என்பது ஆலையில் ஒன்றும் இல்லை என்பதாகாது. 2017 அக்டோபரில் ஜப்பானின் கோபே ஸ்டீல், அலுமினியம், செம்புப் பொருட்களின் சோதனைத் தரவுகளைத் திருத்தி அனுப்பியதாக ஒப்புக்கொண்டது. அந்த மாதக் கணக்குப்படி பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 500 நிறுவனங்கள். அவற்றில் கார், விமான, ரயில் நிறுவனங்கள் எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை, இந்தப் பழக்கத்தின் வேர் சில இடங்களில் 1970கள் வரை போவதாகச் சொன்னது. தரச் சான்றிதழ் வைத்திருந்த ஆலைகளில்தான் இதெல்லாம் நடந்தது. எத்தனை ஆடிட் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய், திருப்தியோடு வெளியே வந்திருக்கும்!

வெளி ஆடிட்டையாவது விடலாம், உள் ஆடிட்டில் பூஜ்ஜியம் என்று எழுதுபவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உள் ஆடிட் என்பது நம் ஆலையின் ஓட்டைகளை வெளியாள் வருவதற்கு முன் நாமே தேடுவது. தேடப் போனவர் வெறுங்கையோடு வந்ததைச் சாதனை என்று எப்படி எழுதுவது? காலிபரேஷன் தேதி கடந்த கேஜில் மூன்று வாரம் அளந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த மூன்று வாரப் பொருளையும் தேடிப்பிடித்து, கேஜைச் சோதித்து, பிழை இருந்ததா இல்லையா என்று முடிவுசெய்து மூடியவர் அதை எழுதினால், அவருக்கு ஆடிட் என்றால் என்ன என்று தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஐ.எஸ்.ஓ. 9001இன் 10.2 பிரிவு கேட்பதும் இதைத்தான்: கோளாறைக் கட்டுப்படுத்து, காரணத்தைக் கண்டுபிடி, அதே கோளாறு வேறெங்காவது இருக்கிறதா பார், செய்த நடவடிக்கை பலித்ததா என்று திரும்பப் பார். என்.சி. வராமல் இருக்க வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. வந்த பிறகு என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறது.

கரெக்டிவ் ஆக்‌ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஐம்பது கேப்பாக்களை மூடினேன்' என்ற வரி ரெஸ்யூமேக்களில் வரத் தொடங்கியிருக்கிறது. எண்ணிக்கையில் மூடப்படும் கேப்பாக்களைத் திறந்து பார்த்தால், காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்றும், சாட்சியாகக் கையெழுத்துத் தாளும் இருப்பது தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் யாருக்கும் புதிதல்ல. ஆபரேட்டர் தவறாகப் பொருத்த முடிந்தது ஏன், பொருத்திய பிறகு அடுத்த ஸ்டேஷன் அதைப் பிடிக்காதது ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் மூடியது ஃபைல். கோளாறு திறந்தேதான் கிடக்கிறது. ஐம்பதை இப்படி மூடியவரைவிட, தவறாகப் பொருந்தவே முடியாதபடி ஃபிக்சரில் ஒரு பின் வைத்தவர் மேல்.

இனி மறுப்புகள். மிகப் பலமானது இதுதான்: ரெஸ்யூமேவை முதலில் படிப்பது தரம் தெரிந்தவர் அல்ல, எச்.ஆர்.; அதற்கும் முன்னால் ஒரு மென்பொருள், முக்கியச் சொல் இருக்கிறதா என்று சலிக்கிறது. அறுத்துப் பார்த்த நாற்பது காஸ்டிங்கை அங்கே யார் படிப்பார்? நியாயமான கேள்வி. ஆனால் சலிப்பானுக்கு வேண்டியது ஐ.ஏ.டி.எஃப். 16949, 8டி, எஃப்.எம்.இ.ஏ., எஸ்.பி.சி. போன்ற பெயர்கள், அதற்கு இரண்டு வரி போதும், சதவீதம் வேண்டாம். எச்.ஆர். கையைத் தாண்டியதும் அந்தத் தாள் ஆலையின் தரத் தலைவரிடம் போகிறது. நேர்முகத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'இந்த நாற்பது சதவீதம் எதில்?' என்பதுதான். அங்கே தடுமாறுபவர்களில் வேலையே செய்யாதவர்களும் உண்டு, நன்றாகச் செய்துவிட்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் பரிதாபம்.

இன்னொரு மறுப்பு, கம்பெனி ரகசியம். கஸ்டமர் பெயர், பாகத்தின் பெயர், வரைபட அளவு, துல்லியமான உற்பத்தி அளவு ஆகியவற்றை எழுதக்கூடாது, உண்மை. ஆனால் 'அலுமினிய ஹவுசிங்' என்பதும், காற்றுத் துளைக்கும் சுருக்கத் துளைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துக் காரணத்தைப் பிரித்தேன் என்பதும் யாருடைய ரகசியமும் அல்ல. சொல்லப்போனால் 'கஸ்டமர் பி.பி.எம். 180இலிருந்து 12' என்று அப்பட்டமாக எழுதுவதுதான் ரகசியத்தை மீறுவதற்கு அருகில் நிற்கிறது. மாதம் இத்தனை ஆயிரம் என்று உத்தேச அளவைச் சொன்னாலே சதவீதத்தின் கனம் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

'இது டீம் வேலை, நான் செய்தேன் என்று எப்படி எழுதுவது?' என்ற தயக்கமும் உண்டு. குறிப்பாக லைன் இன்ஸ்பெக்டராக இருந்து மேலே வரும் டிப்ளமோக்காரர்களுக்கு. சதவீதம்தான் இந்தத் தயக்கத்தை உண்டாக்குகிறது. ரிஜெக்‌ஷன் குறைந்தது ஒருவரால் அல்ல என்பதால் அந்த எண்ணுக்கு உரிமை கொண்டாடினால் அது பாதிப் பொய். வேலையைப் பிரித்து எழுதினால் சங்கடமே இல்லை. அறுத்து வகைப்படுத்தியது நான், ஷாட் வாரியாகக் கசிவை வரைந்தது நான், இடைவெளியை முடிவு செய்தது டூல் ரூமும் புரொடக்‌ஷனும், சரிபார்ப்புக்கு ஒரு ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கியது நான். முழு உண்மை, முழு மரியாதை.

ஆகவே வடிவம் மாற வேண்டும். ஐந்து சதவீத வரிகளுக்குப் பதில் ஒரே ஒரு வேலையை ஆறேழு வரியில் எழுதுங்கள். உதாரணமாக: 'அலுமினிய ஹவுசிங், மாதம் சுமார் 20,000. லீக் ரிஜெக்‌ஷன் 4%, இம்ப்ரெக்னேஷன் இல்லாமல். கசிந்த 40 பீஸை அறுத்துப் பார்த்ததில் 31இல் காற்றுத் துளை. ஷிஃப்ட்டின் இரண்டாம் பாதியில் மூன்று மடங்கு. காரணம்: சில் வென்ட் அடைப்பு. சுத்த இடைவெளியை ஷாட் எண்ணிக்கைக்கு மாற்றினோம். பழைய இடைவெளிக்குத் திரும்பி, கோளாறு மீண்டும் வருவதை ஒரு ஷிஃப்ட்டில் உறுதிசெய்தேன். மூன்று மாதச் சராசரி 1.5%. அதே வென்ட் உள்ள இரண்டு அச்சுகளுக்கும் விரித்தோம்.' இதற்குக் கீழே ஆடிட்டில் நீங்கள் எழுதிய ஒரு என்.சி.யும், உங்கள் மேல் எழுதப்பட்டு நீங்கள் மூடிய ஒரு என்.சி.யும் இருக்கட்டும். பலிக்காமல் போன ஒரு நடவடிக்கை இருந்தால் அதையும், ஏன் பலிக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது என்பதோடு, ஒரு வரி எழுதலாம்.

ஆள் எடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'பூஜ்ஜிய என்.சி. அனுபவம் விரும்பத்தக்கது' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, வருகிற ரெஸ்யூமேக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று குறைப்பட உங்களுக்கு உரிமை இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, 'நீங்கள் காரணம் கண்டுபிடித்த ஒரு கோளாறை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்' என்று கேளுங்கள். செய்தவர் எழுதிவிடுவார்.